அஞ்சலக ஆர்.டி. பாஸ்புக்கிலிருந்து தவணைப் பட்டியல்

கர்க்லாண்டிலும் அயலிலும் வாழும் நம்மவர் சிலருக்குத் தமிழ்நாட்டு அஞ்சலகத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. கணக்கு உண்டு. ஊரிலுள்ள உறவினரே பெரும்பாலும் மாதத் தவணையைக் கட்டுகின்றனர். கனடாவில் வசிப்பவர், அத்தகைய கணக்கில் சேரும் வட்டியை முதிர்வுவரை காத்திராது ஆண்டுதோறும் வருமானக் கணக்கில் காட்ட வேண்டும். மத்திய அரசு, கியூபெக் அரசு ஆகிய இரண்டின் படிவங்களுக்கும் இது பொருந்தும். பாஸ்புக்கின் நகலை மட்டும் கணக்காளரிடம் கொடுத்தால் அவர் திணறுவார். ஒரு வரி என்பது ஒரு தவணை அல்ல என்பதே காரணம்.

மாதம் 1,000 ரூபாய்க் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். அது 2024 ஜனவரி 10இல் தொடங்கியது. 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்காதலால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் தவணை கட்ட வேண்டும். பாஸ்புக்கில் நான்கு வரிகள்:

10-01-2024: 1,000
12-02-2024: 1,000
12-04-2024: 2,010
10-05-2024: 5,900

மூன்றாம் வரியில் மார்ச், ஏப்ரல் தவணைகளோடு, மார்ச் தவறியதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 10 ரூபாய் அபராதமும் இருக்கிறது. நான்காம் வரி மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதத் தவணை. ஆறு தவணையைச் சேர்த்துக் கட்டினால் நூற்றுக்கு 10 ரூபாய் தள்ளுபடி. ஆகவே 6,000இல் 100 குறைந்தது.

பட்டியலில் ஐந்து பத்திகள் போதும்: கட்டிய நாள், எந்த மாதத்துக்குரியது, தவணை, அபராதம், தள்ளுபடி. மாதத்துக்கு ஒரு வரியாக எழுதினால் நான்கு வரிகள் பத்தாகும். மார்ச் வரியில் கட்டிய நாள் ஏப்ரல் 12 என்றே இருக்கும்.

இனிச் சரிபார்ப்போம். தவணைகள் 10,000. கையிலிருந்து போனது 9,910. வித்தியாசமான 90, தள்ளுபடி நூறிலிருந்து அபராதம் பத்தைக் கழித்த தொகை. பாஸ்புக்கின் இருப்பு 10,000 ஆக இருந்தால் பட்டியல் சரி. அபராதம் இருப்பில் சேராது. அதைத் தவணையாக எழுதினால் கணக்கு உதைக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. 12-02 என்பது அங்கே பிப்ரவரி 12; இங்கே டிசம்பர் 2 என்று படித்துவிடக்கூடும். ஆகவே மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். முகவர் அட்டையிலுள்ள கையெழுத்து, அவர் பணம் பெற்றதற்கு மட்டுமே சான்று. அந்தத் தொகை பாஸ்புக்கில் ஏறாவிட்டால், அதைப் பட்டியலில் சேர்க்காமல் உடனே ஊரில் விசாரியுங்கள். நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுபோகும். உயிர்ப்பிக்க இரண்டு மாத அவகாசமே உண்டு.