சர்வேயரை ஆட்சேபிக்கும் கடிதம்: ஓர் இளம் வழக்கறிஞருக்கு

அன்புள்ள தம்பி,

ஜவுளிக் கிடங்குத் தீ விபத்தில் சர்வேயர் நியமனத்தை எதிர்த்து நீ காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். 'ஒருதலைப்பட்சமாக நடக்கிறார்' என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறாய். தீ முதலில் பிடித்ததாக உன் கட்சிக்காரர் சொல்லும் பக்கத்துக் கிடங்கு சர்வேயருடைய மைத்துனருக்குச் சொந்தம் என்பது மட்டும் கடைசிப் பத்தியில், அரை வரியில் கிடக்கிறது. இது எனக்கு உண்மையாகவே எரிச்சல் தந்தது. நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டை மறுத்துவிடலாம், உறவை அப்படி மறுக்க முடியாது. தீ பக்கத்திலிருந்து பரவியது என்று அறிக்கை வந்தால், இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையைப் பக்கத்துக் கிடங்குக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். ஆக, தீயின் காரணத்தைப் பற்றிச் சர்வேயர் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் மைத்துனரின் பணத்தைத் தொடுகிறது. கடிதம் இதில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

காப்பீடு செய்த சரக்கில் சர்வேயருக்கோ உறவினருக்கோ பங்கில்லையே, விதி அதைத்தானே கேட்கிறது என்று நிறுவனம் பதில் எழுதக்கூடும். 2015-ஆம் ஆண்டு சர்வேயர் விதிமுறைகள் அத்தோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் பொறுப்பும் காப்பீடுதாரரின் உரிமையும் கெடாதபடி நடுநிலை காக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அதைச் சுட்டி, உறவு உண்டா இல்லையா என்று சர்வேயரிடம் எழுத்துமூல அறிவிப்பு வாங்கித் தரும்படி கேள். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தானே என்பார்கள். தெரிந்தவர் என்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. முடிவால் லாபமோ நட்டமோ அடைகிறவர் என்பதையே ஆட்சேபிக்கிறோம்.

'மூன்றாம் முறை வந்தால் உள்ளே விடமாட்டோம்' என்ற வரியை அடித்துவிடு. ஒத்துழைக்கவில்லை என்று கோரிக்கையையே மூடிவிட அது காரணமாகிவிடும். அதற்கு நீ துணையாகக் காட்டும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் தீர்ப்பும் (2009) இங்கே பொருந்தாது. தனக்கு வேண்டிய அறிக்கை கிடைக்கும்வரை நிறுவனம் தக்க காரணமின்றி ஒருவர் மாற்றி ஒருவராகச் சர்வேயரை நியமிக்கக் கூடாது என்பதே அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. உன் வழக்கில் வருவது ஒரே ஆள். முந்தைய இரண்டு வருகைகளில் பார்க்காத எதைப் பார்க்க வருகிறார் என்று எழுதிக் கேள். ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்காமல் அனுமதிக்கிறோம் என்று குறிப்பிட்டுக் கதவைத் திறந்துவிடு.

அனுமதித்தால் ஆட்சேபம் வலுவிழக்காதா என்பாய். இழக்காது. அதே ஆண்டு பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அறிக்கை பாதகமாக வந்த பிறகு எழுப்பும் ஆட்சேபம் தோற்றவனின் புலம்பலாகவே படும். அதனால் தேதிதான் உயிர்.

நீ இணைத்திருக்கும் வருகைப் பதிவு அபாரம். வந்தவர், நேரம், எடுத்த படங்கள், வாங்கிய ரசீதுகள் எல்லாவற்றுக்கும் கையொப்பம் வாங்கியிருக்கிறாய். மூத்த வழக்கறிஞர்களிடமும் இவ்வளவு நேர்த்தி அரிது. அதைத் தொடாதே. கடிதத்தை மட்டும் திருத்தி, அறிக்கை வருமுன் இன்றே நியமித்த நிறுவனத்தின் பெயருக்குப் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பு. சர்வேயருக்கு ஒரு நகல் போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்