அஞ்சரைக் கட்டையில் வந்த வினை

என் அண்ணன் மகள் ஓசூரில் கம்பெனி வேலை முடித்து, ராத்திரி ஏழரைக்குத் தளியில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பயிற்சி. மார்கழி முதல் நாள் பெருமாள் கோயிலில் திருப்பாவை முதல் பாசுரத்தை, அரியக்குடியார் மெட்டமைத்த நாட்டை ராகத்தில், தனியாகப் பாட வேண்டும். பாடம் பண்ணுவது, உச்சரிப்பு எல்லாம் பத்து நாளில் முடிந்தது.

அன்று விடிகாலை ஐந்து மணிக்கு, பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

'பயம்' என்றார்கள் எல்லாரும். ஒருவர் மிளகு கொடுத்தார், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடச் சொன்னார். மூடினால் தாளம் போடுகிறவரைப் பார்க்க முடியாதே!

தப்பு என்னுடையது. ராத்திரி எட்டு மணிக் குரலுக்கு அஞ்சரைக் கட்டை சுருதி வைத்தேன். நாள் முழுக்கப் பேசிப் பழகிய குரல், எட்டியது. தூங்கி எழுந்த குரல் தடித்துத் தாழ்ந்திருக்கும். தளியின் மார்கழிக் குளிரும் சேர்ந்தது. எட்டாத ஸ்வரத்தை எட்டப் பார்த்ததில் தொண்டை இறுகியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. 'பொம்பளைக் குரலுன்னா அஞ்சரை' என்று ஆர்மோனியக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியவளும் நானே.

அடுத்த வாய்ப்பு இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி. இந்த முறை நாலரை மணிக்கே எழுப்பினேன். வெந்நீர் குடித்து, கால் மணி நேரம் வாயை மூடி 'ம்' என்று கீழ் ஸ்தாயியில் ரீங்காரம். பிறகு பாட்டின் உச்சி வரியை மட்டும் பாடச் சொன்னேன். கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை அரைக் கட்டை இறக்குவோம். நாலரைக் கட்டையில் நரம்பு அடங்கியது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் விடிகாலைக் கச்சேரிதானே? சுருதியை விடிகாலையிலேயே பாருங்கள்.

கை நடுங்கினால் காகிதம் சலசலப்பதை மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் காகிதம் வேண்டாம், தொடையில் தாளம் போடட்டும் என்றேன். பதற்றத்தில் வேகம் ஓடும் என்பதால் ஜால்ராவை நான் பிடித்துக்கொண்டேன். தொடங்குமுன் தம்பூராவைக் கேட்டபடி நாலு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. முதல் வரியை அவள் பாடியதும் வாங்கிப் பாட முன்வரிசையில் இரண்டு பெண்களிடம் சொல்லிவைத்தேன். அந்த இடைவெளியில் அவளுக்கு மூச்சு திரும்பிவிடும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பெண்கள்தான். பாசுரம் அத்தனையும் மனப்பாடம்.

"நாலரையா? ஆம்பளைச் சுருதி மாதிரி இருக்கேம்மா" என்றார் ஆர்மோனியக்காரர்.

"அஞ்சரையும் கறுப்புக் கட்டைதான், நாலரையும் கறுப்புக் கட்டைதான். விரலை நகர்த்துங்க" என்றேன்.

நகர்த்தினார். பூர்வி கல்யாணியில் உச்சி வரி வந்தபோது அவள் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு தெரியவில்லை. முடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அத்தை, சக்கரைப் பொங்கல் எப்போ தருவாங்க?" என்றாள்.