திருகைக்கு ஒரு மாரியம்மன் பாட்டு

கேள்வி: திருகை சுற்றும்போது பாட, இருக்கன்குடி மாரியம்மன் மீது பாட்டு எழுத ஆசை. எப்படி அமைப்பது?
– வாசகி, சிவகாசி

பதில்: மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தைப் படியுங்கள், சகோதரி. சிவனுக்கு நறுமணப் பொடி இடிக்கும் பெண்களின் பாட்டு அது. 20 பாடல்களும் இடிப்போம் என்ற அழைப்பில்தான் முடிகின்றன. அந்த முடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், தாளம் வேண்டாம். உலக்கை விழுந்து எழும், திருகையோ நிற்காமல் சுழலும்.

ஒரு சுற்றுக்கு அரையடி போதும்: ‘ரெண்டாத்து நடுவே / நிக்கிறவ மாரி’. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அதில் வந்துவிடும். தானியத்தைக் குழியில் போடும்போது, போடுகிறவர் பாட்டை நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளட்டும். எதிரே இருப்பவர் ‘சுத்துது கல்லு தாயே’ என்று எடுக்கட்டும். சொல் மிஞ்சினால் கை வேகமெடுக்கும், மாவு கொரகொரப்பாகும். அப்போது சொல்லைக் குறையுங்கள்.