சரக்கு மாறி வந்தால்...

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பட்டறை ஒன்று மண்டியிடம் 20 மூட்டை முழுப்பருப்பு கேட்கிறது. 6 மூட்டையில் உடைபருப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

• லாரி ரசீதிலேயே அதை எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூட்டைச் சீட்டையும் பருப்பையும் படமெடுக்க வேண்டும்.

• அன்றே மண்டிக்கு பில் எண்ணோடு எழுத வேண்டும்: "14 மூட்டையை ஏற்கிறோம், 6 மூட்டையை ஏற்கவில்லை. மாற்றுச் சரக்கு கொண்டுவரும் வண்டியிலேயே இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி என்று வரும்?"

• 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 43ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மறுப்பைத் தெரிவித்தாலே போதும். திருப்பி அனுப்பும் பொறுப்பு வாங்கியவருக்கு இல்லை.

• அந்த மூட்டைகளைத் தனியே அடுக்க வேண்டும். பிரித்து வறுத்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

• ஏற்றிவிடும்போது மூட்டை எண்ணிக்கை, எடை, வண்டி எண்ணுக்குக் கையெழுத்து வாங்கி, மண்டியிடம் கிரெடிட் நோட் கேட்க வேண்டும்.