கரப்பான் மருந்து: மதிப்பீடு எப்போது, எப்படி?

சமையலறை இடுக்குகளில் பெருகும் சிறிய பழுப்புக் கரப்பானுக்கு மருந்து வைக்கப்பட்டபின் மதிப்பீடு எழுதுபவர், பயன்பட்டது தெளிப்பு மருந்தா, இரையில் நஞ்சு கலந்த ஜெல் எனப்படும் பசையா என்பதையும், உறையிலுள்ள வேதிப்பெயரையும் முதலில் குறிப்பிட வேண்டும். கதவுக் கீல்களிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்திலும் சிறு பொட்டுகளாக வைக்கப்படும் பசை, குழந்தைகளின் கைக்கு எளிதில் எட்டாது. ஆனால் அதன்மேலேயே தெளிப்பு மருந்தும் அடிக்கப்பட்டிருந்தால் பூச்சிகள் பசையை நெருங்காமல் விலகக்கூடும் என்பதால், அது செய்முறைப் பிழையே. தெளிப்பில் பெர்மெத்ரின் இருப்பின், அது பூனைக்கும் மீனுக்கும் கடும் நஞ்சாதலால், மீன்தொட்டி மூடப்பட்டதா, தரை உலரும்வரை குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் வெளியே வைக்கப்பட்டனரா என்பது கட்டாயம் பதிவாக வேண்டும்.

மறுநாளே நற்சான்று வழங்குவது பொருளற்றது. பெண் கரப்பான் சுமக்கும் முட்டைப்பையில் ஏறத்தாழ 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். மருந்து அவற்றுள் எளிதில் புகாது. குஞ்சுகள் வெளிவர ஏறக்குறைய நான்கு வாரங்களாகும். எனவே மருந்து வைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே இடங்களில் ஒட்டும் அட்டை வைத்து எண்ணுவது நன்று. எடுத்துக்காட்டாக, முன்பு 20 பூச்சிகள் சிக்கிய அட்டையில் இரண்டாம் வாரம் 2 மட்டுமே சிக்கி, ஆறாம் வாரம் 9 குஞ்சுகள் சிக்கினால், தொல்லை திரும்பிவிட்டது. பசை மீண்டும் வைக்கப்பட வேண்டும்.