சட்டம், மரியாதை, சொந்தக் கருத்து: அறவியல் விடைத்தாளில் மூன்று குழப்பங்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013-இல் அறவியல் தாள் சேர்ந்தது. மொத்தம் 250 மதிப்பெண். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு சம்பவத்தைச் சொல்லி, 'இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். ஒரு சம்பவத்துக்கு 20 மதிப்பெண், 250 சொற்களுக்குள் விடை. தமிழில் எழுதுபவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்தும் நான் பார்த்தவரை, மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் மொழியாக இருப்பதில்லை. கேள்வி அறத்தைக் கேட்கிறது. விடை சட்டத்தையோ மரியாதையையோ சொந்த விருப்பத்தையோ சொல்கிறது.

தமிழே இதற்குக் கொஞ்சம் வழிவிடுகிறது. நீதிமன்றத்திலும் 'நீதி', நீதிக்கதையிலும் 'நீதி'. சட்டையை உள்ளே விட்டுக்கொள்வதும் 'ஒழுக்கம்', பொய் சொல்லாததும் 'ஒழுக்கம்'. கணக்கில் விடை பிசகினால் 'தப்பு', அடுத்தவர் பணத்தை எடுத்தாலும் 'தப்பு'. பேச்சில் இதனால் சிக்கல் இல்லை. விடைத்தாளில் இருக்கிறது.

ஒரு பயிற்சித் தேர்வுக்கு நான் அமைத்த சம்பவம் இது. நீங்கள் உதவிப் பொறியாளர். ஊராட்சிப் பள்ளி ஒன்றில் 40 குழந்தைகளுக்கான வகுப்பறைக் கட்டடம் முடிந்துவிட்டது. கடைசி பில்லுக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டும். எம்20 கான்கிரீட் என்பது ஒப்பந்தம். அதாவது அதே கலவையில் வார்த்த கியூப்கள் 28 நாள் கழித்து அழுத்தச் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் 22 என்று இருக்கிறது. அளவுப் புத்தகமும் சரியாக இருக்கிறது. ஆனால் மேஸ்திரி உங்களிடம் தனியாக ஒன்று சொல்கிறார்: "கியூபுக்குத் தனியா நல்ல கலவை போட்டாங்க சார். தூணுக்குப் போனது வேற." செயற்பொறியாளர் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். "பேப்பர் எல்லாம் சரியா இருக்கேப்பா, போட்டு விடு" என்கிறார்.

வந்த விடைகளில் மூன்று நம்பிக்கைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன.

நம்பிக்கை 1: சட்டப்படி சரி என்றால் அறப்படியும் சரி.

ஒரு மாணவர் எழுதினார்: 'ஆய்வக அறிக்கை விதிகளின்படி உள்ளது. எனவே கையெழுத்திடுவதில் தவறில்லை.' நாளை விசாரணை வந்தாலும் இந்த விடை பொறியாளரைக் காப்பாற்றக்கூடும். தூணைக் காப்பாற்றாது.

உண்மை: சட்டமும் அறமும் பெரும்பாலும் ஒரே பாதையில் போகும், சில இடங்களில் பிரியும். பிரியும் இடத்தைக் காட்டச் சொல்வதுதான் இப்படிப்பட்ட கேள்விகளின் வேலை.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அன்றைய இந்தியாவுக்கு அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். நுழைந்தவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறகுதான் வந்தது. சட்டம்தான் அறம் என்றால், 1908-இல் சரியாக இருந்த தடை 1939-இல் திடீரெனத் தவறாக மாறிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தடை 1908-இலும் தவறுதான். சட்டம் அதைப் பின்னால் ஒப்புக்கொண்டது.

எதிர்த் திசையிலும் இதே பிரிவு நடக்கும். திருமணத்துக்குப் புறம்பான உறவைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. மறுநாளிலிருந்து துணையை ஏமாற்றுவது நல்ல செயலாகிவிடவில்லை. அதற்குச் சிறை வேண்டாம் என்பதுதான் தீர்ப்பு. விவாகரத்துக்கு அது காரணமாக இன்றும் நீடிக்கிறது.

இதற்காகச் சட்டத்தை விடையிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்வதும் பிழைதான். பாடத்திட்டமே சட்டம், விதிகள், மனசாட்சி ஆகியவற்றை அறவழிகாட்டலின் ஊற்றுகளாகச் சேர்த்தே சொல்கிறது. அரசு ஊழியர் விதியை மதிப்பதற்கே ஓர் அறக்காரணம் உண்டு: தெரிந்தவருக்கு ஒரு நியாயம், தெரியாதவருக்கு ஒரு நியாயம் என்று ஆகாமல் அது தடுக்கிறது. விடையில் விதியைச் சொல்லுங்கள், அந்த விதி எதைக் காப்பாற்ற வந்தது என்றும் சொல்லுங்கள். கியூப் சோதனை வந்தது தூணுக்காக. கியூப் தேறி தூண் தேறாவிட்டால் விதியின் எழுத்து நிற்கிறது, அதன் நோக்கம் விழுந்துவிடுகிறது.

நம்பிக்கை 2: பெரியவர் மனம் நோகாமல் நடப்பதே அறம்.

இன்னொரு விடை: 'குருவுக்கு நிகரான மூத்த அதிகாரி ஓய்வு பெறும் நேரத்தில் அவரை எதிர்ப்பது பண்பல்ல.' இதை எழுதியவர் நல்ல வளர்ப்பில் வந்த பிள்ளை என்று தெரிகிறது. ஆனால் அவர் தொட்டது மரியாதையைப் பற்றிய வேறொரு கேள்வியை.

உண்மை: மரியாதை என்பது ஓர் இடத்தில் ஒருவரோடொருவர் உறுத்தாமல் பழகுவதற்கான ஏற்பாடு. இடது கையால் பொருள் கொடுப்பது நமக்கு அவமரியாதை. வேறு பல நாடுகளில் யாரும் கவனிப்பதில்லை. லஞ்சம் வாங்குபவர் காபி கொடுத்து, "வாங்க, உட்காருங்க" என்று அன்பாகப் பேசியே வாங்கலாம். சிடுசிடுக்கும் மருத்துவர் நேர்மையாக வைத்தியம் பார்க்கலாம். முதலாமவரின் மரியாதை அவர் செயலைக் கழுவாது, இரண்டாமவரின் சிடுசிடுப்பு அவர் நேர்மையைக் குறைக்காது.

மரியாதையையும் அறத்தையும் பிரிக்க ஓர் எளிய கேள்வி போதும்: 'இந்த வழக்கத்தை மீறினால் யாருக்கு என்ன கேடு?' முகம் சுளிப்பதோடு முடிந்தால் அது மரியாதை. ஒருவரின் உயிர், உரிமை, நம்பிக்கை இவற்றில் ஏதாவது அடிபட்டால் அது அறம். டீக்கடை இரட்டைக் குவளையை 'ஊர் வழக்கம்' என்றுதான் நியாயப்படுத்தினார்கள். அந்தக் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள், வழக்கமே கேடாக இருப்பது தெரியும்.

சம்பவத்துக்கு வருவோம். மூத்தவருக்கு மரியாதை தரலாம், தரவும் வேண்டும். அது எப்படிச் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும். கூட்டத்தில் அவரைக் குற்றம் சாட்டாமல், முதலில் அவர் அறைக்குப் போய், "ஐயா, கலவையைப் பற்றி என் காதுக்கு வந்தது பொய்யாக இருந்தால் சோதனையே அதைக் காட்டிவிடும். உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது" என்று சொல்வது மரியாதை. கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதை மரியாதை தீர்மானிக்க முடியாது.

நம்பிக்கை 3: அறம் ஆளுக்கு ஆள் மாறும், என் கருத்தைச் சொன்னால் போதும்.

இந்தப் பிழை நேர்மையாளர்களிடமே அதிகம். 'என் மனசாட்சிப்படி கையெழுத்திட மாட்டேன். தேவைப்பட்டால் ராஜினாமா செய்வேன்.' முடிவு பாதி சரி. ஆனால் 250 சொல்லில் காரணம் என்று ஒரு வரிகூட இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஒருவர், 'என் மனசாட்சிப்படி கையெழுத்திடுவேன்' என்று எழுதினால் இரண்டில் எது மேல் என்று திருத்துபவர் எதை வைத்துச் சொல்வார்?

உண்மை: 'எனக்குக் காபிதான் பிடிக்கும்' என்றால் யாரும் 'ஏன்?' என்று வாதாட மாட்டார்கள். 'கையெழுத்திடக் கூடாது' என்றால் 'ஏன்?' என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் நம்மோடு உடன்படாதவருக்கும் காரணமாகப் புரிய வேண்டும். ஒரே நோயாளியைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு முடிவுக்கு வரலாம். அதனால் நோய் என்பதே அவரவர் கருத்து என்று ஆகிவிடாது. அறத்தில் கருத்து மாறுபடுவதும் அப்படித்தான்.

காரணத்தைச் சோதிக்க ஆட்களை மாற்றிப் பாருங்கள். ஒப்பந்ததாரர் உங்கள் மாமா மகன் என்றால் இதே முடிவா? அந்த வகுப்பில் உங்கள் மகள் படித்தால்? ஆள் மாறும்போது முடிவும் மாறினால் நீங்கள் எழுதியது சொந்த விருப்பம். ஆள் மாறியும் முடிவு நின்றால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அதை எடுத்து எழுதுங்கள்.

ராஜினாமாவும் இங்கே விடையாகாது. நீங்கள் போன பிறகு அடுத்தவர் கையெழுத்திடுவார். தூண் அப்படியே நிற்கும், குழந்தைகள் அதன் கீழே உட்காருவார்கள். உங்கள் மனது சுத்தமாக இருப்பதைத் தாண்டி அதில் யாருக்கும் பயன் இல்லை.

இதே விடையைத் திருத்தி எழுதினால்

முதலில் யார் யாருக்கு என்ன போகிறது என்று சொல்லுங்கள். குழந்தைகள் அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதன் குறையை அவர்களால் அறியவும் முடியாது. விபத்து நடந்தால் அதைத் திருப்ப முடியாது. ஒப்பந்ததாரருக்குப் போவது சில வாரத் தாமதம். மூத்தவருக்குப் போவது ஒரு சங்கடம். மேஸ்திரியை மறந்துவிடாதீர்கள், அவர் பெயர் வெளியே வந்தால் பிழைப்பு போகலாம், ஆகவே குறிப்பில் அவர் பெயர் வேண்டாம்.

அடுத்து, உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரியுங்கள். மேஸ்திரியின் சொல் சந்தேகத்துக்குப் போதும், தண்டனைக்குப் போதாது. ஆகவே கையெழுத்தை நிறுத்தி, முதலில் மூத்தவரிடம் பேசி, தூணிலேயே சோதனை கேட்க வேண்டும். ரீபவுண்ட் ஹேமரால் தட்டிப் பார்த்தால் பலவீனமான இடம் எது என்று ஓரளவு தெரியும். பிறகு அங்கே துளையிட்டுக் கோர் எடுத்துச் சோதிக்கலாம். இந்தியத் தர விதிப்படி கோர்களின் சராசரி, குறித்த வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்20-க்குச் சராசரி 17, தனி ஒன்றுக்கு 15. தேறினால் பில் போகட்டும், ஒப்பந்ததாரர் மேல் இருந்த சந்தேகமும் நீங்கும். தேறாவிட்டால் எழுத்தில் மேலே அனுப்ப வேண்டும். சரிசெய்யும்வரை கட்டடத்தைத் திறக்கக் கூடாது.

இந்த விடையில் சட்டம் இருக்கிறது, தர விதியாக. மரியாதை இருக்கிறது, மூத்தவரிடம் முதலில் பேசியதில். மனசாட்சியும் இருக்கிறது, அதுதான் கையெழுத்தை நிறுத்தியது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது. முடிவைத் தாங்குவது மட்டும் காரணம்.

எழுதி முடித்ததும் விடைத்தாளில் 'சட்டப்படி', 'மரியாதைக்காக', 'என் கருத்தில்' என்று வரும் இடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். முடிவு இன்னும் நின்றால் நீங்கள் அறவியல் எழுதியிருக்கிறீர்கள். விழுந்தால், தூணுக்குப் போகாத கலவையில் கியூப் செய்திருக்கிறீர்கள்.