வாங்குபவரே எழுதும் இன்வாய்ஸ்: பினாங்கு இறக்குமதியாளர்களுக்கு

ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் சேலைக்கடை வைத்திருப்பவர் காஞ்சிபுரத்தில் சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே விற்பவர் மலேசியாவின் மின்-இன்வாய்ஸ் முறைக்குள் வரமாட்டார். அதனால் அவருக்குப் பதிலாகக் கடைக்காரரே இன்வாய்ஸ் தயாரித்து, வருமான வரி வாரியத்தின் MyInvois தளத்தில் ஏற்ற வேண்டும். ஆண்டு விற்பனை 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை உள்ள கடைகளுக்கும் 1 ஜனவரி 2026 முதல் இது கட்டாயம்.

முதலில் நான்கு தாள்களைச் சேருங்கள்: ஆர்டர், விற்பவர் அனுப்பிய பில், சுங்கத்தின் K1 படிவம், கடையில் சரக்கை எண்ணிய சீட்டு. எண்ணியவரும் இன்வாய்ஸ் தயாரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கடை சிறியதென்றால் முதலாளியே எண்ணிக் கையெழுத்திடட்டும்.

தளத்தில் Self-billed Invoice, அதாவது வகை 11-ஐத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பது நாம்தானே என்று பலர் Supplier கட்டத்தில் தங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. அங்கே காஞ்சிபுரத்து வியாபாரி, Buyer கட்டத்தில் நீங்கள். அவருக்கு மலேசிய வரி எண் இல்லையென்றால் `EI00000000030` போடுங்கள். சரக்கு இறக்குமதிக்கான வகைப்பாட்டுக் குறியீடு `034`. K1 எண்ணையும் மறக்காமல் சேருங்கள்.

சரக்கு மார்ச் 12 அன்று சுங்கத்திலிருந்து விடுபட்டால், ஏப்ரல் 30-க்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றியது செல்லுபடியான பிறகு, ரத்து செய்ய 72 மணி நேரம்தான் உண்டு.

சிக்கல் எண்ணிக்கையில்தான் வரும். ஒன்று 2,000 ரூபாய் வீதம் 200 சேலைக்கு பில், K1-லும் 200, வந்தது 194. நீங்களாகவே 6 சேலையைக் கழித்து எழுதாதீர்கள். பில்லும் K1-ம் சொல்கிறபடி 4,00,000 ரூபாய்க்கு ஏற்றுங்கள். ரூபாய்க்கு 0.05 ரிங்கிட் என்றால் 20,000 ரிங்கிட். குறைவை விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, வகை 12 கிரெடிட் நோட்டில் 12,000 ரூபாயை, அதாவது 600 ரிங்கிட்டைக் கழியுங்கள். உள்ளூர் விற்பனையில் தவறான இன்வாய்ஸை எதிர்த்தரப்பு தளத்திலேயே நிராகரிக்கக் கோரலாம். காஞ்சிபுரத்துக்காரருக்கு அந்த வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு இன்வாய்ஸின் நகலையும் அவருக்கு அனுப்பி, சம்மதத்தைப் பதிலாக வாங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

பணம் கைநழுவுவது வேறொரு இடத்தில். விற்பவரின் பில் ஒன்று, நாம் தயாரித்தது ஒன்று என ஒரே கொள்முதலுக்கு இரண்டு தாள் இருப்பதால், கணக்கில் இரண்டு கடனாக ஏறி இரண்டு முறை பணம் போய்விடும். அதைத் தடுக்க உங்கள் இன்வாய்ஸுக்குத் தனி வரிசை எண் கொடுத்து, அதன் பக்கத்திலேயே விற்பவரின் பில் எண்ணையும் பதியுங்கள். அதே பில் எண் மறுபடி வந்தால் பதிவை நிறுத்துங்கள். மாதக் கடைசியில் அவரிடம் கணக்கு அறிக்கை கேட்டு, K1 வாரியாக ஒப்பிடுங்கள். இன்வாய்ஸ் இல்லாத K1 இருந்தால், கெடுவுக்குள் அதை ஏற்றிவிடுங்கள்.